திரையில் 249, வங்கியில் 3,525

சந்தா கட்டும் எந்தச் செயலியிலும் பில்லிங் பக்கம் என்று ஒன்று இருக்கும். திட்டத்தின் பெயர், விலை, சோதனைக் காலம் முடியும் தேதி, அடுத்த கட்டணத் தேதி, எந்த கார்டு, கீழே ரத்து செய்வதற்கான ஒரு சிறிய இணைப்பு. மொத்தம் ஏழெட்டு வரிகள். பணம் போன பிறகு பதறிப்போய் அந்தப் பக்கத்தைத் திறப்பவர்களில் பலருக்கும், போன தொகைக்கான காரணம் அங்கேயே எழுதப்பட்டிருப்பது தெரியவரும். ஆனால் ஒரே இடத்தில் இருக்காது. விலை ஒரு வரியில், அது எத்தனை மாதத்துக்கு என்பது இன்னொரு வரியில், வரி பற்றிய குறிப்பு அதற்கும் கீழே சாம்பல் நிற எழுத்தில். மூன்றையும் சேர்த்துப் பெருக்கிக் கூட்டுகிற வேலை படிப்பவரின் தலையில் விழுகிறது.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் எளிது. கோயம்புத்தூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் போடும் படங்களை அழகாக்க ஒரு வடிவமைப்புச் செயலியை அவர் தேடிப் பிடிக்கிறார். அன்றைய ஆர்டர்களை எல்லாம் முடித்துவிட்டு, மார்ச் 4-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், ஏழு நாள் இலவசச் சோதனையைத் தொடங்குகிறார். கார்டு எண் கேட்கிறது, கொடுக்கிறார். ஓடிபி வருகிறது, போடுகிறார். சரிபார்ப்புக்காக இரண்டு ரூபாய் பிடித்ததாக ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான்.

அந்த ஓடிபிதான் இந்தக் கதையில் முக்கியமான கட்டம். இரண்டு ரூபாய்க்காக மட்டும் கேட்கப்பட்ட ஓடிபி இல்லை அது. இந்திய வங்கி கார்டிலிருந்து ஒரு நிறுவனம் மாதாமாதமோ வருடாவருடமோ தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி முதலில் ஒரு இ-மேண்டேட் பதிவாக வேண்டும். 2019 ஆகஸ்டில் வெளியான அந்த விதி, 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யும்போது ஒருமுறை ஓடிபி கட்டாயம். அதற்குப் பிறகு, 2022 ஜூனில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, 15,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு தொகையும் ஓடிபி இல்லாமலேயே போகலாம். ஆக, கேக் செய்கிற அந்தப் பெண் இலவசச் சோதனைக்காகப் போட்ட ஓடிபி, ஏழு நாள் கழித்து எடுக்கப்போகும் பணத்துக்கான சம்மதமும்தான்.

இப்போது அவருடைய பில்லிங் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மேலே பெரிய எழுத்தில் `₹249/mo`. அதற்குக் கீழே சின்னதாக `Billed annually`. இன்னும் கீழே `+ applicable taxes`. அடுத்து `Trial ends: Mar 10`, `Auto-renew: On`, கார்டின் கடைசி நான்கு எண்கள்.

கண் போய் நிற்பது 249-இல். பிடித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு 249 ரூபாய்தானே என்ற எண்ணம் அங்கேயே வந்துவிடும். ஆனால் `Billed annually` என்ற இரண்டு சொற்களுக்கு, பன்னிரண்டு மாதப் பணத்தையும் ஒரே தடவையில் எடுப்போம் என்று பொருள். 249-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,988. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 537 ரூபாய் 84 காசு. கூட்டினால் 3,525 ரூபாய் 84 காசு. இந்த எண் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. கார்டு விவரம் கேட்கும் கடைசிப் பக்கத்தில் ‘இன்று செலுத்த வேண்டியது ₹0’ என்ற வரிக்குக் கீழே ஒருமுறை வந்துபோயிருக்கலாம். சைபரைப் பார்த்து நிம்மதியானவர்கள் அடுத்த வரிக்குப் போவதில்லை.

விலையைப் படிக்க ஒரே வழி, அதோடு ஒட்டியிருக்கும் கால அளவைப் பார்க்காமல், பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் என்ற வரியைத் தேடுவது. `per month` என்பது விலையைச் சொல்லும் விதம். `billed monthly`, `billed annually`, `billed every 3 months` என்பவைதான் பணம் போகும் விதம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பது, எங்கே சந்தா கட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும். கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் வழியாக இந்தியாவில் எடுத்தால், காட்டும் விலையிலேயே பெரும்பாலும் வரி சேர்ந்திருக்கும். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்தால் கடைசியில் தனியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. விலை டாலரில் இருந்தால் இன்னொரு அடுக்கு கூடும். பல வங்கிகள் வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்அப் கட்டணம் போடுகின்றன, அந்தக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. இது நிறுவனத்தின் பில்லிங் பக்கத்தில் வரவே வராது, ஏனென்றால் எடுப்பது வங்கி. 10,000 ரூபாய்க்குச் சமமான டாலர் போனால், 3.5 சதவீதக் கணக்கில் கூடுதலாக 413 ரூபாய் வங்கி அறிக்கையில் தெரியும். நிறுவனத்திடம் கேட்டால் ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

தேதிக்கு வருவோம். அந்தப் பெண் தொடங்கியது மார்ச் 4, ஏழு நாள் என்றால் மார்ச் 11 வரை இருக்கிறது என்று அவர் விரல்விட்டு எண்ணியிருக்கிறார். திரை மார்ச் 10 என்கிறது. யார் தப்பு?

இருவரும் சரி. பெரும்பாலான பில்லிங் மென்பொருள்கள் நேரத்தை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் பதிந்துவைக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இங்கே மார்ச் 4 அதிகாலை ஒரு மணி என்றால், அங்கே இன்னும் மார்ச் 3 இரவு 7.30. ஏழு நாள் என்பதை நூற்று அறுபத்தெட்டு மணி நேரமாக எண்ணி, மார்ச் 10 இரவு 7.30 என்று கணினி குறித்துக்கொள்கிறது. நம் கடிகாரத்தில் அது மார்ச் 11 அதிகாலை ஒரு மணி. பக்கத்தைத் தயாரித்தவர்கள் பயனரின் ஊர் நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே அச்சிட்டுவிட்டால் ‘மார்ச் 10’ என்று தெரியும். ‘பதினொன்றாம் தேதி காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு ரத்து செய்துகொள்ளலாம்’ என்று நினைப்பவருக்கு, எழும்போது பணம் போயிருக்கும். மாலையில் தொடங்கியவருக்கு இந்த ஒருநாள் குழப்பம் வராது. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் தொடங்கியவர்களுக்குத்தான் வரும்.

அதனால் சோதனை முடியும் தேதியைப் பார்க்கும்போது, அந்த நாளின் தொடக்கமா முடிவா என்று வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முடிவெடுக்கும் நாள் அதற்கு முந்தைய நாளுக்கும் முந்தையதாக இருக்கட்டும். இதற்கு வேறொரு வலுவான காரணமும் இருக்கிறது. ஆப்பிள் தன் உதவிப் பக்கத்தில், சோதனைக் காலம் முடிய குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யச் சொல்கிறது. மறுபக்கம், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கி நினைவூட்டும் என்று காத்திருப்பவருக்கு அந்தச் செய்தி வரும்போது, ஆப்பிள் வைத்திருக்கும் கெடு முடிந்திருக்கலாம், அல்லது முடியும் தறுவாயில் இருக்கலாம். வங்கியின் செய்தி கடைசிக் கதவு. அதை முதல் நினைவூட்டலாக நம்பியிருக்கக் கூடாது.

நம் கேக் கடைக்காரருக்கு அந்தச் செய்தி மார்ச் 9 மாலை வருகிறது. நிறுவனத்தின் பெயர், தொகை, எடுக்கப்போகும் தேதி, ஒரு குறிப்பு எண், மேண்டேட்டை ரத்து செய்ய ஓர் இணைப்பு. ஆனால் அதில் இருக்கும் பெயர் செயலியின் பெயர் இல்லை. செயலியை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர், அவர் கேள்விப்பட்டதே இல்லை. இது அடிக்கடி நடப்பது. ஆப்பிள், கூகுள் வழியாக எடுத்த சந்தா என்றால் வங்கி அறிக்கையில் `APPLE.COM/BILL` என்றோ, `GOOGLE` என்று தொடங்கியோ இருக்கும். நேரடியாக எடுத்தால் யார் பெயரும் இருக்கலாம். மோசடிச் செய்தியோ என்று பயந்து அவர் அதைத் தொடவில்லை. இணைப்புகளைத் தொடக் கூடாது என்று வங்கிகளே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருப்பதால் அந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு செய்தி வந்தால் இணைப்பைத் தொடாமலேயே சரிபார்க்கலாம். வங்கியின் சொந்தச் செயலியைத் திறந்து, கார்டுப் பகுதியில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று இருக்கும் இடத்தைப் பார்த்தால் உயிரோடு இருக்கும் சம்மதங்கள் அத்தனையும் பட்டியலாக வரும். தொகை ஒத்துப்போனால் யாருடையது என்று பிடிபட்டுவிடும்.

இந்தக் கட்டத்தில் அவர் தம்பியிடம் பேசியிருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“எட்டாம் தேதியே அந்த ஆப்பை எடுத்துட்டேன்டா. அப்புறம் எப்படிப் பணம் போகும்?”

“போனுலேர்ந்து எடுத்தீங்க அக்கா. சந்தாவை எடுத்தீங்களா?”

செயலியை நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு காரியங்கள். கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, சம்மதம் வங்கியில் இருக்கிறது. போனில் இருந்தது ஒரு சின்னம் மட்டும். கார்டை பில்லிங் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாலும் இதே நிலைதான். பணம் எடுக்க முடியவில்லை என்று நிறுவனம் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும், கணக்கு பாக்கியில் இருப்பதாகக் காட்டும், ஒப்பந்தம் முடிந்ததாக ஆகாது. கூகுள் பிளேயில் சில சந்தாக்களுக்கு இருக்கும் நிறுத்திவைக்கும் வசதியும் ரத்து இல்லை. குறித்த காலம் கழிந்ததும் கட்டணம் தானாகத் திரும்பத் தொடங்கும்.

எங்கே போய் ரத்து செய்வது என்பது, எங்கே பணம் கட்டினோமோ அதைப் பொறுத்தது. கூகுள் பிளே வழியாகத் தொடங்கியிருந்தால் பிளே ஸ்டோரில் தன் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions` என்பதற்குள் போய் `Subscriptions`. ஐபோனில் என்றால் `Settings` திறந்து, மேலே இருக்கும் தன் பெயரைத் தொட்டு `Subscriptions`. நிறுவனத்தின் தளத்தில் தொடங்கியிருந்தால் இந்த இரண்டு இடத்திலும் எதுவும் தெரியாது. பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்து, ‘சந்தாவே இல்லை’ என்று ஏமாறுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ரத்து ஆனதா என்று உறுதிசெய்ய, பில்லிங் பக்கத்தின் ஒரே ஒரு வரி போதும். முன்பு `Renews on` என்றோ `Next billing date` என்றோ இருந்த இடத்தில் `Expires on`, `Ends on`, `Active until` போன்ற ஒன்று வந்திருக்க வேண்டும். தேதி அதேதான் இருக்கும், அதன் முன்னால் இருக்கும் வினை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் ரத்து ஆகவில்லை. ‘போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்’, ‘ஏன் விலகுகிறீர்கள்’ என்று மூன்று நான்கு பக்கங்கள் வரும், அதில் ஏதோ ஒன்றில் நின்றுவிட்டு வேலை முடிந்ததாக நினைத்து மூடியிருப்போம். மாறிய வரியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது பின்னால் மிகவும் உதவும். ஒரு சிறு எச்சரிக்கை: சோதனைக் காலத்தில் ரத்து செய்தால் உடனே சேவை நின்றுபோகலாம் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. கடைசி நாள் வரை பயன்படுத்த நினைப்பவர்கள் தங்கள் வேலையை முதலில் சேமித்துக்கொண்டு பிறகு ரத்து செய்யட்டும்.

கட்டணமே எடுக்காமல் பயமுறுத்தும் எண் ஒன்றும் உண்டு. யுபிஐ ஆட்டோபேயில் சம்மதம் கொடுக்கும்போது 249 ரூபாய்ச் சந்தாவுக்கு ‘₹5,000 வரை’ என்று திரையில் வரலாம். அது எடுக்கப்போகும் தொகை அல்ல, அதிகபட்ச வரம்பு. விலை நாளைக்கு உயர்ந்தாலும், பெரிய திட்டத்துக்கு மாறினாலும், திரும்பச் சம்மதம் கேட்க வேண்டியிராதபடி நிறுவனம் பெரிதாக வைத்துக்கொள்கிறது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கவனிக்க வேண்டும். வரம்பு பெரிதாக இருந்தால், பின்னால் உயரும் விலை யுபிஐ பின் கேட்காமலேயே போகும்.

`Billed annually` என்பதைவிடச் சிக்கலான ஒரு வடிவமும் இருக்கிறது: வருட ஒப்பந்தம், மாதத் தவணை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. அடோபி நிறுவனத்தின் மீது 2024 ஜூனில், அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி அனுப்பிய புகாரின் பேரில் நீதித் துறை வழக்குத் தொடர்ந்தது. பணம் மாதாமாதம் போவதால் வாடிக்கையாளர் அதை மாதச் சந்தா என்றே நினைத்துக்கொள்கிறார். உண்மையில் ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார். முதல் வருடத்தின் நடுவில் விலகினால் மிச்சமிருக்கும் மாதங்களின் தொகையில் பாதியை விலகல் கட்டணமாகக் கேட்பார்கள். அந்த விவரத்தைச் சிறிய எழுத்திலும், தொட்டால்தான் விரியும் பெட்டிகளிலும் மறைத்துவைத்தார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நான்கு மாதம் முடிந்து விலகுபவருக்கு மிச்சம் எட்டு மாதம், 16,000 ரூபாய். அதில் பாதி 8,000. பில்லிங் பக்கத்தில் `Annual, billed monthly` என்று பார்த்தால், உடனே தேட வேண்டிய தேதி அடுத்த மாதக் கட்டண நாள் அல்ல, ஒப்பந்தம் முடியும் ஆண்டு நாள்.

திட்டத்தை நடுவில் மாற்றிய மாதத்தில் வரும் குழப்பம் வேறு வகை. மாதம் 300 ரூபாய்த் திட்டத்திலிருந்து 600 ரூபாய்த் திட்டத்துக்கு முப்பது நாளின் சரிபாதியில் மாறினால், பழையதில் பயன்படுத்தாத 150 கழிந்து, புதியதற்கு 300 கூடி, வித்தியாசம் 150 ரூபாய் பாக்கியாகும். சில நிறுவனங்கள் அதை அன்றே எடுக்கும். சில நிறுவனங்கள் அடுத்த பில்லோடு சேர்த்து 750 என்று எடுக்கும். பில்லில் கழித்தல் குறியோடு ஒரு வரி இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம், அதற்கடுத்த மாதம் 600-க்குத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் கேட்க வேண்டும்.

பணம் போய்விட்டது, இனி என்ன செய்வது? முதலில் சந்தாவை ரத்து செய்ய வேண்டும், பிறகு பணத்தைக் கேட்க வேண்டும். வரிசை மாறினால், பேச்சு நடக்கும்போதே அடுத்த கட்டணம் போகலாம். அடுத்தது நேரம். கூகுள் பிளே வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்பவர்களின் கோரிக்கையைத் தானே பரிசீலிக்கிறது, அதற்குப் பிறகு செயலி நிறுவனத்திடம் போகச் சொல்லும். ஆப்பிளுக்கு `reportaproblem.apple.com` என்ற தனிப் பக்கம் இருக்கிறது. நேரடியாக எடுத்த சந்தா என்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல்தான். எழுதும்போது ‘என் பணத்தைத் திருடிவிட்டீர்கள்’ என்று எழுதுவதைவிட, சோதனை தொடங்கிய நாள், கட்டணம் எடுத்த நாள், பில் எண், அதற்குப் பிறகு சேவையைப் பயன்படுத்தவில்லை என்பது, இந்த நான்கையும் எழுதினால் பதில் சீக்கிரம் வரும். எடுத்த சில மணி நேரத்துக்குள், ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன.

வங்கியிடம் போகும்போது ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஓடிபி போட்டுப் பதிந்த மேண்டேட்டில் போன பணத்தை, அனுமதியில்லாப் பரிவர்த்தனை என்று வங்கி ஏற்றுக்கொள்வது கடினம். ஆனால் மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் பணம் போயிருந்தாலோ, 24 மணி நேர முன்னறிவிப்பே வராமல் போயிருந்தாலோ நிலைமை வேறு. விதியை மீறியது வங்கித் தரப்பு. அதனால்தான் அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது. வரவேயில்லை என்று சொல்வதற்கும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஏமாற்று வடிவமைப்புகள் என்று பதின்மூன்றைப் பட்டியலிடுகின்றன. அதில் சந்தாப் பொறி ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பது, இலவசச் சேவைக்குக் கார்டு விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பது போன்றவை அதற்குள் வரும். விலையை மெல்ல மெல்லக் கூட்டிக் கடைசியில் காட்டுவது இன்னொன்று. மென்பொருள் சந்தாக்களுக்கென்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. இலவசச் சோதனை கட்டணச் சந்தாவாக மாறும்போது பயனருக்குத் தெரிவிக்காமல் இருப்பது அதில் நேரடியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேக் கடைக்காரரின் பக்கத்தில் மொத்தத் தொகை எங்கும் காட்டப்படவில்லை என்றால், அவர் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த வழிகாட்டுதலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம்.

அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லாத எண். தமிழிலும் பேசலாம். அழைப்பதற்கு முன் மேசையில் மூன்று படங்கள் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்: பணம் போவதற்கு முன் பில்லிங் பக்கம் எப்படி இருந்தது, ரத்து செய்த பிறகு எப்படி மாறியது, வங்கிச் செய்தி வந்த நேரம். முதல் படம்தான் பெரும்பாலோரிடம் இருக்காது. சோதனையைத் தொடங்கிய நிமிடத்திலேயே அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால், `₹249/mo` எவ்வளவு பெரியதாக இருந்தது, `Billed annually` எவ்வளவு சிறியதாக இருந்தது என்பது இரண்டும் அதில் பதிவாகியிருக்கும்.